பேடட் சாட்டின் ஸ்டிச் திட்டுத்திட்டா வருதா? மேல பாக்காதீங்க, அடியில பாருங்க

"லாத்தா, கல்யாணத்துக்கு தலையணை உறையில பூ போட்டுட்டு இருக்கேன், உள்ள பேடிங் வச்சு மேல சாட்டின் ஸ்டிச். மத்தவங்க போட்டா உப்பலா வழுவழுன்னு இருக்கு, எனக்கு மட்டும் நடுவுல பள்ளம், ஓரம் பல்லு பல்லா, அங்கங்க வெள்ளைத் துணி எட்டிப் பாக்குது. ரெண்டு இழையில நெருக்கமாத்தான் போடுறேன். எங்க தப்பு பண்றேன்? – தேவிபட்டினத்துல இருந்து"

நீங்க அனுப்புன போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன்ம்மா, முன்பக்கத்த விட பின்பக்க போட்டோதான் கதைய சொல்லிருச்சு. பின்னாடி கிட்டத்தட்ட வெறும் துணியா இருக்கு, ஓரத்துல மட்டும் சின்னச் சின்ன புள்ளியா நூல். அப்படின்னா நீங்க வலது ஓரத்துல ஊசிய இறக்கிட்டு, நூல் மிச்சமாகட்டும்னு அதே வலது ஓரத்துலயே பக்கத்துல ஏத்திடறீங்க, அப்புறம் இடது ஓரம் போயி அங்கயே இறக்கி அங்கயே ஏத்தறீங்க. இது நம்ம எல்லாருக்கும் வர்ற பழக்கம்தான், எங்க உம்மாவும் எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நூல் கண்டு வாங்க ராமநாதபுரம் போகணும்னு இருந்த காலம் அது. ஆனா மேல் தையலுக்கு இது ஆகாது. ஒரு தையல் இடமிருந்து வலம் போகுது அடுத்தது வலமிருந்து இடம் வருதுன்னா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கமா இழுக்கும், நூலு சமமா பக்கத்துல பக்கத்துல ஒட்டிப் படுக்காது, ஓரத்துல ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து நடுவுல பிளவு விடும். நீங்க சொல்ற பல்லு பல்லா அதுதான். எப்பவும் ஒரே பக்கம் ஏறி, எதிர்ப்பக்கம் இறங்கி, துணிக்கு அடியில முழுசா சுத்தி மறுபடி ஏறுன பக்கத்துக்கே வரணும். பின்பக்கம் பாத்தா முன்பக்கம் மாதிரியே நிறைஞ்சிருக்கணும். நூல் டபுளா ஆகும், ஆகட்டும்.

அது பாதி விஷயம், மீதி பாதி உள்ள இருக்கிற பேடிங். நடுவுல பள்ளம்னு சொன்னீங்கள்ல, அது மேல் தையல் போட்ட கையோட குத்தம் இல்ல. கல்யாணப் பந்தலுக்கு கிடுகு வேய்றத பாத்திருப்பீங்க, கிடுகு ஒரு பக்கமா ஓடுதுன்னா அதுக்கு அடியில கம்பு குறுக்காத்தான் கட்டுவாங்க, கம்பையும் அதே பக்கமா கட்டுனா கிடுகு ரெண்டு கம்புக்கு நடுவுல தொப்புன்னு உள்ள இறங்கிடும். நூலும் அப்படித்தான். மேல் தையல் இதழுக்கு குறுக்க போகுதுன்னா அதுக்கு நேர் கீழ இருக்கிற பேடிங் நீளவாக்குல இருந்தே ஆகணும். உங்க போட்டோவுல இன்னும் முடிக்காத இதழ் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல பேடிங்கும் குறுக்க, மேல் தையலும் குறுக்க. அதான் மேல் நூலு கீழ் நூலோட இடுக்குல போயி உக்காந்துக்குது, நீங்க எவ்வளவு நெருக்கி போட்டாலும் துணி தெரியத்தான் செய்யும்.

சரி, இப்ப ஒரே ஒரு இதழ எடுத்துக்குவோம், உங்க பூவுல இருக்கிற அளவுதான், நீளம் ரெண்டரை சென்டிமீட்டர், நடுவுல அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கும். நான் போட்டா எப்படி போடுவேன்னு சொல்றேன், கூடவே ஒரு பழைய துணியில போட்டுப் பாருங்க, நேரா உறையில போடாதீங்க.

முதல்ல ரிங். மரத்து ரிங்க்ல உள் வளையத்துக்கு பழைய காட்டன் துணிய ஒரு இஞ்ச் அகலத்துக்கு கிழிச்சு சுத்திக்கோங்க, அப்பத்தான் துணி வழுக்காம பிடிக்கும். விரலால தட்டுனா டம் டம்னு சத்தம் வரணும். நம்ம கடற்கரைப் பக்கம் இதுல ஒரு தொந்தரவு உண்டு, காலையில இறுக்கி வச்ச துணி மத்தியானம் ஈரக்காத்துல தொளதொளன்னு ஆயிருக்கும், அதனால ஒவ்வொரு இதழ் ஆரம்பிக்கும்போதும் ஒரு தடவ தட்டிப் பாத்து இழுத்து விடுங்க. துணி தொளதொளன்னு இருக்கும்போது போட்ட தையல் ரிங்க கழட்டுனதும் சுருங்கிப் போகும், அத இஸ்திரி போட்டு எல்லாம் சரி பண்ண முடியாது. ராத்திரி ரிங்கோட விட்டுட்டு தூங்கிடாதீங்க. நான் ஒரு தடவ வாடைக் காத்து அடிக்கிற நேரத்துல ஜன்னல் பக்கம் அப்படியே வச்சுட்டுப் போயி, காலையில பாத்தா திருகாணி துரு வெள்ளைத் துணியில அரை வட்டமா இறங்கி இருந்துச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சும் முழுசா போகல, அந்த இடத்துல பிறகு ஒரு இலை போட்டு மறைச்சேன்.

அடுத்தது ஓரம். இத நீங்க போடவே இல்ல, பென்சில் கோட்டு மேலயே நேரா சாட்டின் போட்டிருக்கீங்க. கோட்டு மேல கண்ணால அளந்து ஊசி குத்துனா ஒரு தையல் கோட்டுக்கு வெளிய, ஒண்ணு உள்ளன்னு போயிடும், மனுஷக் கை அப்படித்தான். அதுக்குத்தான் கோடு முழுக்க ஸ்பிளிட் ஸ்டிச் போட்டுக்கிறது. ஒத்த இழை, ஒவ்வொரு தையலும் ஒரு 2 மில்லிமீட்டர், முன்ன போட்ட தையலோட நூலையே கீழ இருந்து ஊசியால பிளந்து மேல வரணும். பேக் ஸ்டிச்சும் போடலாம், ஆனா பேக் ஸ்டிச்ல தையலுக்கு தையல் ஒரு சின்ன பள்ளம் இருக்கும், ஸ்பிளிட் ஸ்டிச் கயிறு மாதிரி ஒரே சீரா இருக்கும், வளைவுலயும் நல்லா திரும்பும். இந்தக் கயிறுதான் பிறகு உங்க மேல் தையலுக்கு வரப்பு. வயல் வரப்பு இருந்தாத்தான் தண்ணி நிக்கும், இது இருந்தாத்தான் ஓரம் நிக்கும்.

இப்ப பேடிங். இது ரெண்டு அடுக்கு. முதல் அடுக்கு இதழோட நடு வயித்துல மட்டும், ஒரு சின்ன பாசிப்பருப்பு அளவுக்கு, குறுக்குவாக்குல ஏழெட்டு தையல், ரெண்டு இழையில. அது எப்படி இருந்தாலும் கவலை இல்ல. அதுக்கு மேல ரெண்டாவது அடுக்கு நீளவாக்குல, காம்புப் பக்கத்துல இருந்து நுனிப் பக்கம், வரப்புக்குள்ள முழுசும். இங்கதான் நிறைய பேர் தலைகீழா செய்யறாங்க, முதல்ல பெருசா போட்டுட்டு மேல நடுவுல சின்னதா ஒரு மேடு வைக்கிறது. அப்படி வச்சா அந்த சின்ன மேட்டோட விளிம்பு படிக்கட்டு மாதிரி மேல் தையல்ல தெரியும். சின்னது கீழ, பெருசு அத மூடி மேல, அப்பத்தான் வழுக்கலா மேடு ஏறி இறங்கும்.

ரெண்டாவது அடுக்கு நீளத் தையல்கள எல்லாம் ஒரே இடத்துல முடிக்காதீங்க, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு மாத்தி மாத்தி முடிங்க, இல்லன்னா முடியற இடத்துல ஒரு வரிசையா மேடு நிக்கும். வரப்புக்கு பக்கத்துல வரும்போது மெலிசா போடுங்க, வரப்பு மேல ஏறாதீங்க, ஒரு மயிரிழை உள்ள தள்ளி நிறுத்துங்க. உங்க நூல் மிச்சம் பிடிக்கிற பழக்கத்த இங்க தாராளமா வச்சுக்கோங்க, பேடிங்குல நூல் முன்பக்கம் இருந்தா போதும், பின்னாடி சின்னதா ஒரு கடி கடிச்சு திரும்பினா போதும், உப்பல் முன்னாடிதானே வேணும். அதாவது நீங்க மேல போட்ட தையல் கீழ போட வேண்டிய தையல், இடம் மாறிப் போச்சு அவ்வளவுதான்.

பேடிங் நூல் மேல் நூலோட கலராவே இருக்கட்டும். வீட்டுல கெடக்குற மிச்ச நூல உள்ள போட்டு சிக்கனம் பண்ணலாம்னு நானும் ஒரு தடவ ரோஸ் இதழுக்குள்ள அடர் சிவப்பு போட்டேன், போட்டப்ப ஒண்ணும் தெரியல, துவைச்ச அன்னிக்கு சாயம் இறங்கி இதழ் ஓரமெல்லாம் வெத்தல போட்ட வாய் மாதிரி ஆயிருச்சு. சிவப்பும் மெரூனும் எந்த கடையில வாங்குனாலும் முதல்ல ஒரு துண்ட வெள்ளைத் துணியில வச்சு ஈரம் பண்ணிப் பாத்துடுங்க.

பேடிங் முடிஞ்சதும் கண்ண மூடிட்டு விரல் நுனியால இதழ தடவிப் பாருங்க. நெசமாவே கண்ண மூடணும், கலரும் பளபளப்பும் கண்ண ஏமாத்தும், விரல் ஏமாறாது. எங்கயாவது குழி தட்டுப்பட்டா ரெண்டு தையல், முடிச்சு தட்டுப்பட்டா வெட்டி எடுத்துட்டு சரி பண்ணுங்க. இங்க விட்டது மேல கண்டிப்பா தெரியும். ஒரு இதழுக்கு ஆகுற மொத்த நேரத்துல பாதிய இதுக்கே குடுக்குறேன் நான், மேல் தையல் அதுக்கப்புறம் சீக்கிரம் ஓடிரும்.

மேல் தையலுக்கு ஒத்த இழை மட்டும். ரெண்டு இழையில போட்டா சீக்கிரம் நிறையும்தான், ஆனா ரெண்டு இழையும் போகப் போக ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு ஒரு இடத்துல தட்டையா ஒரு இடத்துல கயிறா நிக்கும், வெளிச்சம் பட்டா ஒரு இடம் மின்னும் ஒரு இடம் மங்கும், அத பாத்துட்டு கலர் திட்டுத்திட்டா இருக்குன்னு நினைப்போம். கண்டுல ஆறு இழை இருக்கும், ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி அதுல இருந்து ஒரே ஒரு இழைய நுனிய பிடிச்சு நேரா மேல உருவுங்க, மத்தது கீழ சுருங்கி நிக்கும், நீவி விட்டா சரியாயிடும். ஒரு முழத்துக்கு மேல வேண்டாம், துணிக்குள்ள அத்தனை தடவ போயி வந்தா நூலுல பஞ்சு கிளம்பி மினுமினுப்பு போயிடும். ஊசி மெல்லிசா 9ஆம் நம்பரோ 10ஆம் நம்பரோ எம்ப்ராய்டரி ஊசி வாங்கிக்கோங்க, தடி ஊசி ஓரத்துல ஓட்டை ஓட்டையா விடும். அப்புறம் நம்ம ஊர் உப்புக் காத்துக்கும் கை வேர்வைக்கும் ஊசி சீக்கிரம் கருத்துப் போகும், தொட்டா வழவழன்னு இருக்காது, துணிக்குள்ள கிறீச்சுன்னு போகும். அந்த ஊசியோட சண்டை போடாதீங்க, மாத்திடுங்க. கையில கொஞ்சம் பவுடர் தட்டிட்டு உக்காந்தா நல்லது. ஊசியும் நூலும் நான் ஓலைக் கொட்டான்ல போட்டு மூடித்தான் வைக்கிறேன், ஊசிய மட்டும் அதுக்குள்ள ஒரு சின்ன டப்பாவுல.

ஆரம்பிக்கிறது நுனியில இல்ல, நடுவுல. வயிறு அகலமா இருக்கிற இடத்துல முதல் தையல். நுனியில ஆரம்பிச்சா ஒவ்வொரு தையலுக்கும் சாய்வு கொஞ்சம் கொஞ்சமா மாறி மறு கோடிக்கு வரும்போது தையல் வேற பக்கம் பாத்துட்டு நிக்கும், நடுவுல சரியா ஒண்ண வச்சுட்டா அதுதான் அளவுகோல். நேர் குறுக்க வைக்கிறத விட கொஞ்சம் சாய்வா வைங்க, நேர்த் தையல்ல ஒரு சின்ன பிசகும் கண்ணுல குத்தும், சாய்வுல மறைஞ்சிரும். நடுவுல இருந்து நுனி வரைக்கும் போயிட்டு, பின்பக்கத் தையலுக்கு அடியில நூல நுழைச்சு திரும்ப நடுவுக்கு வந்து காம்புப் பக்கம் போங்க.

ஊசி ஏறுறதும் இறங்குறதும் எங்கன்னா, வரப்போட வெளி விளிம்ப ஒட்டி. அதுலயும் ஊசிய செங்குத்தா குத்தாதீங்க. இறக்கும்போது ஊசி முனை வரப்புக்கு அடியில போற மாதிரி உள்பக்கமா சாய்ச்சு இறக்குங்க, ஏத்தும்போது உள்ள இருந்து வெளிய வர்ற மாதிரி சாய்ச்சு ஏத்துங்க. அப்பத்தான் நூல் வரப்ப கட்டிப் பிடிச்ச மாதிரி வளைஞ்சு இறங்கும், ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி நிக்கும். துணிய மடிச்சு ஒரே குத்துல ஏத்தி இறக்குறது வேண்டாம், மேல இருந்து கீழ ஒரு தடவ, கீழ இருந்து மேல ஒரு தடவன்னு தனித்தனியா குத்துங்க.

இழுப்பு. இத எழுத்துல சொல்றது கஷ்டம், முயற்சி பண்றேன். நூல இழுக்கும்போது கடைசி ஒரு இஞ்ச் இருக்கறப்ப மெதுவா ஆகுங்க, இடது கை கட்டைவிரலாலயோ இன்னொரு ஊசியோட காதுப்பக்கத்தாலயோ நூல முன்ன போட்ட தையலுக்குப் பக்கத்துல நீவிப் படுக்க வச்சுக்கிட்டே மிச்சத்த இழுங்க. நூல் பேடிங் மேல படுத்ததும் நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்தா பேடிங்க அமுக்கி கோடு விழும், கஷ்டப்பட்டு உப்ப வச்சது வீணாப் போகும். அஞ்சாறு தையலுக்கு ஒரு தடவ ரிங்க தூக்கி ஊசிய கீழ தொங்க விடுங்க, தானா சுத்தி முறுக்கு பிரிஞ்சு நிக்கும். ஃபேன் காத்துல நிக்காது, நிறுத்திட்டு செய்ங்க, கச்சான் காத்து அடிக்கிற நாள்ல ஜன்னலையும் சாத்திட்டுத்தான் உக்காரணும், வேர்க்கும், வேற வழியில்ல.

ஒரு மில்லிமீட்டருக்குள்ள ரெண்டு மூணு தையல் விழும், அப்படிப் பாத்தா இந்த இதழுக்கு அறுபதுக்கு மேல ஆகும், ஒத்த இழையில ரெண்டு முழத் துண்டு தேவைப்படும். அப்ப நடுவுல ஒரு தடவ நூல் மாத்தியாகணும், அந்த மாத்தத்த முதல் பாதி முடிஞ்சு நடுவுக்கு திரும்பி வர்ற இடத்துல வச்சுக்கோங்க. முடிச்சு போடாதீங்க, முடிச்சு பின்னாடி இருந்தாலும் முன்னாடி ஒரு பரு மாதிரி தெரியும். பழைய நூல பின்பக்கத் தையலுக்கு அடியில ஒரு சென்டிமீட்டர் நுழைச்சு வெட்டிடுங்க, புதுசையும் அப்படியே நுழைச்சு கொண்டு வாங்க.

நுனியில வரும்போது தையலெல்லாம் குட்டையாகி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். இதழ் ஒரு பக்கமா வளைஞ்சிருந்தாலும் உள் வளைவுல இதே நெருக்கடி. அங்க ஒவ்வொரு தையலும் ஓரம் வரைக்கும் போகணும்னு அவசியம் இல்ல, மூணு தையலுக்கு ஒண்ண நெருக்கடிப் பக்கத்து ஓரத்துக்கு போறதுக்கு முன்னாடியே பக்கத்து நூலுக்கு அடியில ஒளிச்சு இறக்கிடுங்க. வெளி வளைவுல இடைவெளி நிறையும், உள் வளைவுல கூட்டம் சேராது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, தெரிஞ்சவங்க தேடிப் பாத்தா உண்டு.

இப்ப உங்க பெரிய இதழ் விஷயம், அது அகலம் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்போல. அத ஒரே வீச்சுல சாட்டின் போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல நூல் தொங்குனா வளையல்ல மாட்டும், தோட்டுல மாட்டும், ரெண்டு துவைப்புல கிளம்பி நிக்கும், பேடிங் எவ்வளவு நல்லா இருந்தாலும் காப்பாத்தாது. நடுவுல நரம்பு மாதிரி ஒரு கோடு போட்டு ரெண்டு பாதியா பிரிச்சு, ரெண்டும் நடுக் கோட்டப் பாத்து சாயுற மாதிரி போடுங்க, பாக்கவும் நல்லா இருக்கும். தலையணை உறைங்கறதால பூவ தலை படுற நடுவுல வைக்காம மூலையிலயோ ஓரத்துலயோ வைங்க, மேடா இருக்கிற தையல் கன்னத்துல அச்சு விழும்.

ஏற்கனவே போட்ட மூணு இதழ என்ன பண்றதுன்னு கேப்பீங்க. இடுக்குல இடுக்குல புதுசா நூல் சொருகி நிரப்பலாம்னு தோணும், நானும் செஞ்சிருக்கேன், ஒண்ணு ரெண்டு இடம்னா தப்பில்ல, ஆனா உங்களது பேடிங்கே திசை மாறி இருக்கு, சொருக சொருக கட்டியாகும். பிரிச்சிடுங்க. உங்க தையல் பின்னாடி வெறும் புள்ளியா இருக்கறதால பின்னாடி இருந்து வெட்டப் போனா கத்தரி துணிய கடிச்சிடும், அதனால முன்பக்கமே ஊசியோட காதால நாலு நாலு நூலா மேல தூக்கி, சின்ன கத்தரியால நூல மட்டும் வெட்டுங்க, பேடிங்கும் சேந்து வெட்டுப்பட்டா படட்டும், அதுவும் போகப் போறதுதானே. துணி நூல் ஒண்ணும் வெட்டுப்படாம பாத்துக்கோங்க. புருவம் எடுக்கிற பிளக்கரால ஒவ்வொண்ணா உருவுங்க. பழைய ஓட்டைகள நகத்தால குறுக்கும் நெடுக்கும் சுரண்டி, லேசா தண்ணி தொட்டு காய விட்டா காட்டன் துணியில மூடிக்கும். எல்லாம் முடிஞ்சதும் மடிச்ச டர்க்கி டவல் மேல பூவ கவுத்துப் போட்டு பின்பக்கம்தான் இஸ்திரி, முன்பக்கம் வச்சு தேய்ச்சா ஒரே தேய்ப்புல அப்பளமாயிடும்.

முதல் இதழ் முடிச்சதும் சாயங்கால வெயில்ல ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு பாருங்க, மினுமினுப்பு ஒரே கோடா நடு வயித்துல ஓடுச்சுன்னா சரி, எங்கயாவது முறிஞ்சுதுன்னா அந்த இடத்துல ஒண்ணு இழுப்பு கூடியிருக்கும் இல்ல பேடிங்ல குழி இருக்கும். முன்னாடி போட்டோவோட பின்பக்க போட்டோவையும் சேத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.